வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுப் பொருட்கள்: காத்திருப்பதா, இரத்துச் செய்வதா?

இணையத்தில் பொருள் வாங்கும்போது ஒரே பொருள் இரண்டு விலைகளில் தென்படுவது வழமை. ஒன்று பிரித்தானியாவிலுள்ள களஞ்சியத்திலிருந்து மூன்று நாட்களில் வந்துசேரும். மற்றையது அதன் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆயினும் அதன் கீழே சிறிய எழுத்தில், நான்கு தொடக்கம் எட்டு வாரங்களில் கிடைக்கும் எனக் குறிப்பிடப்பட்டிருக்கும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இரண்டாவது பொருள் சீனாவிலிருந்து நேரடியாக அனுப்பப்படுவதாகும். நாட்கள் கடந்தும் பொதி வராதபோது, மேலும் காத்திருப்பதா அல்லது கட்டளையை இரத்துச் செய்து பணத்தைத் திரும்பக் கேட்பதா என்ற கேள்வி எழுகின்றது. அதனைத் தீர்மானிப்பதற்குத் தேவையான சட்ட நிலையும் நடைமுறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

தாமதம் எங்கே உண்டாகின்றது?

மலிவு விலையின் பின்னால் மலிவான போக்குவரத்து உள்ளது. விற்பனையாளர் ஒவ்வொரு பொதியையும் தனித்தனியே விமானத்தில் அனுப்புவதில்லை. பொதிகளைத் திரட்டும் நிறுவனமொன்றிடம் அவை ஒப்படைக்கப்படுகின்றன. போதிய அளவு சேர்ந்த பின்னரோ, விமானத்தில் குறைந்த கட்டணத்திற்கு இடம் கிடைத்த பின்னரோதான் அவை புறப்படும். ஆகவே எட்டு வாரக் காலத்தின் கணிசமான பகுதியைப் பொதி பயணத்தில் அன்றி ஒரு களஞ்சியத்தின் தட்டிலேயே கழிக்கலாம்.

சில விற்பனையாளர்களிடம் பொருள் கையிருப்பிலேயே இருப்பதில்லை. வாடிக்கையாளர் பணம் செலுத்திய பின்னர், அவர்கள் அதனை வேறொரு உற்பத்தியாளரிடம் வாங்கி அனுப்புகின்றனர். உற்பத்தியாளரிடம் பொருள் தீர்ந்துவிட்டால் கட்டளை அப்படியே தேங்கி நிற்கும். சீனப் புத்தாண்டையொட்டிய வாரங்களிலும் ஒக்டோபர் முதல் வாரத்துத் தேசிய விடுமுறையிலும் அங்குள்ள தொழிற்சாலைகள் மூடப்படுவதால், அக்காலத்தில் செய்யப்படும் கட்டளைகள் மேலும் பிந்துவது இயல்பு.

இந்த வேறுபாடு முக்கியமானது. புறப்பட்டுவிட்ட பொதி பிந்தினாலும் வந்துசேரும் வாய்ப்புண்டு. புறப்படாத பொதியைப் பற்றி அவ்வாறு கூற முடியாது. எனவே முதலில் அறியவேண்டியது பொதி உண்மையில் புறப்பட்டுள்ளதா என்பதேயாகும்.

பின்தொடர் இலக்கம் தரும் தகவலைக் கவனமாக வாசிக்க வேண்டும். "Label created" என்றோ "Electronic information received" என்றோ திரையில் தோன்றினால், முகவரித்தாள் அச்சிடப்பட்டது என்பதே அதன் பொருள். பொதி எவரிடமும் ஒப்படைக்கப்பட்டதை அது காட்டாது. விற்பனையாளர் "அனுப்பிவிட்டோம்" என்று அறிவித்திருந்தாலும் இதே நிலை நீடிக்கலாம். தபால் அல்லது கூரியர் நிறுவனம் பொதியைப் பொறுப்பேற்றதாக ஒரு பதிவும், அதனைத் தொடர்ந்து ஓர் இடப்பெயரும் தோன்றினால் மாத்திரமே பொதி பயணத்தைத் தொடங்கியதாகக் கொள்ளலாம். இரண்டு வாரங்களுக்கு மேலாக முகவரித்தாள் நிலையிலேயே பதிவு நின்றிருப்பின், பொருள் கையிருப்பில் இல்லை எனச் சந்தேகிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு.

சட்டம் வழங்கும் இரண்டு உரிமைகள்

வழங்கலுக்கு முப்பது நாட்களே எல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது ஓரளவுக்கே சரியாகும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, வேறு காலம் உடன்பட்டிராதவிடத்து, ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பொருள் வழங்கப்பட வேண்டும் என்கின்றது. எட்டு வாரங்கள் என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்ட பக்கத்தில் ஒருவர் பணம் செலுத்தினால், அவர் அந்தக் காலத்திற்கு உடன்பட்டவராகவே கருதப்படக்கூடும். அந்நிலையில் முப்பத்தோராம் நாளில் ஒப்பந்தம் மீறப்பட்டதாக வாதிட முடியாது.

உடன்பட்ட நாளும் கடந்துவிட்டால் என்ன செய்வது? குறிப்பிட்ட நாளுக்குள் பொருள் கிடைப்பது இன்றியமையாதது என்பதைக் கொள்வனவாளர் பணம் செலுத்துவதற்கு முன்னரே விற்பனையாளருக்குத் தெரிவித்திருந்தால், அந்த நாள் தவறியவுடன் ஒப்பந்தம் முடிவுற்றதாகக் கொள்ளலாம். அவ்வாறு தெரிவிக்காதிருந்தால், பொதுவாக, சூழ்நிலைக்குப் பொருத்தமான மேலதிக கால அவகாசம் ஒன்றை நாள் குறிப்பிட்டு வழங்க வேண்டும். அதற்குள்ளும் பொருள் வராவிடின் ஒப்பந்தத்தை முடிவுறுத்தி, செலுத்திய பணம் முழுவதையும் கோரலாம். பணம் செலுத்திய பின்னர் அனுப்பும் செய்திக்கு முன்னரே அனுப்பிய செய்தியின் வலு இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது உரிமை இதனிலும் எளிதானது. ஆயினும் பலரும் அறியாதது. தொலைவழி விற்பனைக்கான 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளின்படி, இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் எதுவும் கூறாமலே இரத்துச் செய்யலாம். இதற்கான 14 நாட்கள் பணம் செலுத்திய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பொருள் கைக்குக் கிடைத்த மறுநாளிலிருந்தே அவை எண்ணப்படுகின்றன. ஆகவே பொருள் வராத காலம் முழுவதும் இரத்துச் செய்யும் உரிமை திறந்தேயிருக்கும். பொருள் வழங்கப்படாத நிலையில், இரத்து அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வழமையான அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்து விற்பனையாளர் பணத்தைத் திருப்பியளிக்க வேண்டும்.

இவ்வுரிமைக்கு விதிவிலக்குகள் உள்ளன. வாங்குபவரின் விருப்பத்திற்கேற்பச் செய்யப்பட்ட பொருளுக்கு இது பொருந்தாது. பிள்ளையின் பெயரும் விழா நாளும் அச்சிடப்பட்ட பெட்டியை மனமாற்றத்தின் காரணமாக இரத்துச் செய்ய முடியாது. ஆனால் அது உரிய காலத்தில் வராவிடின் 28ஆம் பிரிவின் உரிமை அப்போதும் உண்டு. அத்துடன் இவ்விரு சட்டங்களும் வணிகர் ஒருவரிடம் வாங்கும்போதே பயன்படும். தமது பழைய பொருளை விற்கும் தனிநபருக்கு இவை பொருந்தமாட்டா.

சட்டத்தின் எல்லையும் பணத்தைக் காக்கும் வழியும்

பிரித்தானிய நுகர்வோரை நோக்கி விற்பனை செய்பவர் வெளிநாட்டில் இருந்தாலும், மேற்கூறிய விதிகளை அவருக்கெதிராக எடுத்துரைக்கலாம். எனினும் பதினெட்டுப் பவுண் பெறுமதியான பொருளுக்காக ஷென்ஜென் நகரிலுள்ள ஒருவர்மீது இங்குள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, கிடைக்கும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது நடைமுறைக்கு உகந்ததன்று. ஆகவே பணத்தை மீட்டுத்தரும் உண்மையான கருவிகள் விற்பனைத் தளத்தின் பாதுகாப்புத் திட்டமும், பணம் செலுத்திய அட்டையுமே. இவை ஒவ்வொன்றும் தனக்கெனக் காலவெல்லையைக் கொண்டுள்ளது. நீண்ட காத்திருப்பு அந்த எல்லைகளைத் தின்றுவிடக்கூடும்.

ஈபே தளத்தில், பொருள் வரவில்லை என்ற முறைப்பாட்டை வழங்கலுக்குக் கூறப்பட்ட இறுதி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். பேபால் மூலம் செலுத்தியவர் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பிணக்கைத் தொடங்க வேண்டும். தொடங்கிய பின் 20 நாட்களுக்குள் அதனைக் கோரிக்கையாக உயர்த்தாவிடில் அது தானாகவே மூடப்படும். விசா, மாஸ்டர்காட் அட்டைகளில் செலுத்தியவர் சார்ஜ்பேக் எனப்படும் முறையில் தமது வங்கியூடாகப் பணத்தைத் திரும்பக் கோரலாம். அதற்கான காலம் பொதுவாக 120 நாட்கள். பொருள் வராத விடயத்தில் எதிர்பார்க்கப்பட்ட வழங்கல் நாளிலிருந்து அது கணக்கிடப்படும். சார்ஜ்பேக் என்பது அட்டை நிறுவனங்களின் விதியேயன்றிச் சட்டம் அன்று.

ஒரு பொருளின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டு, அது கடனட்டையில் வாங்கப்பட்டிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் வங்கியும் விற்பனையாளருக்குச் சமமாகப் பொறுப்பேற்க வேண்டிவரும். வெளிநாட்டுக் கொள்வனவுகளுக்கும் இது பொருந்தும். எனினும் இடையில் ஒரு விற்பனைத் தளம் பணத்தைப் பெற்றுக்கொண்டால் இப்பாதுகாப்பு அறுபடக்கூடும். மலிவுப் பொருட்களில் பெரும்பாலானவை 100 பவுணை எட்டுவதுமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் மாற்றியவருக்கு மேற்கூறிய அட்டைப் பாதுகாப்புகளுள் எதுவும் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு

இலண்டனில் வாழும் ஒரு குடும்பம் மகளின் பூப்புனித நீராட்டு விழாவை ஓகஸ்ட் 9ஆம் நாள் நடத்தத் தீர்மானித்துள்ளது எனக் கொள்வோம். விருந்தினருக்கு வழங்குவதற்கு 60 அன்பளிப்புப் பெட்டிகள் தேவை. உள்ளூர்க் கடையில் அவற்றின் விலை 41 பவுண். கட்டளையிட்டு ஏழு நாட்களில் கிடைக்கும். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் விலை 18 பவுண். வழங்கல் காலம் ஜூன் 30 தொடக்கம் ஜூலை 28 வரை எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. குடும்பம் ஜூன் 2ஆம் நாள் ஈபே தளத்தில் அட்டை மூலம் 18 பவுண் செலுத்துகின்றது. பெட்டிகளில் பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை.

காத்திருப்பதனால் கிடைக்கக்கூடிய இலாபம் 23 பவுண். இழக்கக்கூடியது விழாவுக்கான பெட்டிகள். ஆகவே குடும்பம் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, மாற்றுப் பொருளை வாங்கக்கூடிய கடைசி நாளாகும். உள்ளூர்க் கடைக்கு ஏழு நாட்கள் தேவை என்பதால் அந்நாள் ஓகஸ்ட் 2. பெட்டிகளை நிரப்புவதற்கு இரண்டு நாட்கள் ஒதுக்கினால் அது ஜூலை 31 ஆகிவிடும். விற்பனையாளர் கூறிய இறுதி நாளுக்கும் இந்நாளுக்கும் இடையில் மூன்று நாட்களே உள்ளன.

ஜூன் 6ஆம் நாள் முகவரித்தாள் அச்சிடப்பட்டதாகப் பதிவு தோன்றுகின்றது. ஜூன் 24ஆம் நாளிலும் அதே பதிவு மாறாமல் நிற்கின்றது. குடும்பம் விசாரித்தபோது, மேலும் 15 நாட்கள் பொறுத்திருக்குமாறு விற்பனையாளர் பதிலளிக்கின்றார். பொருள் எங்கே உள்ளது என்பதற்கு அப்பதிலில் விடையில்லை. பதினெட்டு நாட்களாகப் பொதி நகரவில்லை. விழா நாளோ மாறப்போவதில்லை. இந்நிலையில் ஜூன் 24ஆம் நாளே இரத்துச் செய்வது பொருத்தமானது. பொதி புறப்படாத காரணத்தால் திருப்பியனுப்பும் சிக்கல் எழாது. ஜூலை 8ஆம் நாளுக்குள் 18 பவுண் திரும்பிவர வேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்குவதற்கு ஐந்து வாரங்கள் எஞ்சியிருக்கும்.

மாறாக, ஜூன் 24ஆம் நாள் பொதி விமானத்தில் ஏற்றப்பட்டதாகப் பதிவு இருந்திருந்தால், காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அப்போதும் ஜூலை 31ஐக் கடந்து காத்திருத்தல் ஆகாது. ஜூலை 28 கடந்தும் பெட்டிகள் வராவிடின், ஜூலை 31ஆம் நாளுக்குள் வழங்காவிட்டால் ஒப்பந்தம் முடிவுறும் என அன்றே எழுதியறிவித்து, அந்நாள் கழிந்ததும் உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்பக் கோரலாம். தளத்தில் முறைப்பாடு செய்வதற்கு ஓகஸ்ட் 27 வரையும், அட்டை வங்கியிடம் கோருவதற்கு ஏறத்தாழ நவம்பர் 25 வரையும் காலம் உண்டு. இந்த இரு நாட்களும் கட்டளையிட்ட அன்றே நாட்காட்டியில் குறிக்கப்படுவது நன்று.

விழா எதுவும் இல்லாமல், மூன்று பவுண் பெறுமதியான தொலைபேசி உறை ஒன்றுக்காகக் காத்திருப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு மாற்றுப் பொருள் வாங்கும் கடைசி நாள் என ஒன்றில்லை. முறைப்பாட்டுக் காலம் முடியும் நாளை மாத்திரம் குறித்துக்கொண்டு அவர் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

பயணத்திலுள்ள பொதியை இரத்துச் செய்தால்

பொதி புறப்பட்ட பின்னர் இரத்துச் செய்யும் உரிமை அற்றுப்போவதில்லை. ஆயினும் அதன் பலன் குறைந்துவிடும். இரத்து அறிவித்த பின்னர் பொதி வந்துசேர்ந்தால் அதனைத் திருப்பியனுப்பும் கடமை கொள்வனவாளரைச் சாரும். விற்பனையாளர் பொருளைத் திரும்பப் பெறும்வரை அல்லது அனுப்பியதற்கான சான்றைப் பெறும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம். திருப்பியனுப்பும் செலவைக் கொள்வனவாளரே ஏற்க வேண்டும் என முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தால், அச்செலவும் அவருடையதாகும். சீனாவுக்குப் பொதி அனுப்பும் தபால் கட்டணம் பொருளின் விலையையே விஞ்சக்கூடும். ஆகவே மலிவுப் பொருளைப் பொறுத்தவரை, மனமாற்றத்தினால் இரத்துச் செய்ய விரும்புபவர் பொதி புறப்படுமுன் அதனைச் செய்வதே சிக்கனமானது. புறப்பட்டுவிட்டால், கூறப்பட்ட இறுதி நாள்வரை பொறுத்திருந்து, பொருள் வரவில்லை என்ற அடிப்படையில் முறைப்பாடு செய்வது பெரும்பாலும் எளிதாக அமையும். பொருளைத் திருப்பியனுப்பத் தேவையில்லை என விற்பனையாளர் கூறினால், அக்கூற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர் கூறும் சில பதில்கள்

"இன்னும் சில நாட்கள் பொறுங்கள்" என்பது மிகவும் வழமையான பதில். பலமுறை இது கூறப்படும்போது முறைப்பாட்டுக் காலம் அமைதியாகக் கழிந்துவிடுகின்றது. விற்பனையாளருடன் நட்புறவுடன் உரையாடிக்கொண்டிருப்பது எந்தக் காலவெல்லையையும் நீட்டாது. எனவே காத்திருக்கச் சம்மதிப்பவர் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சம்மதிக்க வேண்டும். அந்த நாள் முறைப்பாட்டுக்கான இறுதி நாளுக்கு ஒரு வாரமேனும் முற்பட்டதாக இருக்க வேண்டும்.

"முறைப்பாட்டை மூடிவிடுங்கள், பணத்தை அனுப்புகின்றோம்" என்ற கோரிக்கைக்கு ஒருபோதும் இணங்கலாகாது. பேபாலில் மூடப்பட்ட பிணக்கை மீண்டும் திறக்க முடியாது. பணம் கணக்கில் வந்துசேர்ந்ததைக் கண்ட பின்னரே முறைப்பாட்டை மூட வேண்டும். பணமும் செலுத்திய அதே வழியாகவே திரும்ப வேண்டும். வேறு கணக்கு விபரங்களை அல்லது அட்டையின் இலக்கத்தைக் கேட்பவருக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது.

சில வேளைகளில், பொருள் கிடைக்காதபோதும் "Delivered" எனப் பதிவு தோன்றும். அதே அஞ்சல் பிரதேசத்தில் வேறொரு முகவரிக்கு ஏதோவொரு சிறு பொதியை அனுப்பி, அதன் இலக்கத்தைக் கொடுக்கும் மோசடியும் உண்டு. இவ்வாறு நேர்ந்தால், முதலில் அயலவரிடம் விசாரித்து, பின்னர் பொதியைக் கையளித்த நிறுவனத்திடம் இலக்கத்தைக் காட்டி, அது இம்முகவரிக்குரியதா என எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாங்குபவரின் அல்லது அவர் நியமித்தவரின் கைக்குப் பொருள் சேரும்வரை அது தொலைந்துபோகும் ஆபத்து விற்பனையாளரையே சாரும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின் நிலைப்பாடு.

எழுத்தில் வைத்திருக்க வேண்டியவை

பொருளை வாங்கும் நாளிலேயே விலை, வழங்கல் காலம், விற்பனையாளரின் பெயர், முகவரி ஆகியவை தெரியும் வகையில் பக்கத்தைப் படமெடுத்து வைத்தல் வேண்டும். அறிவித்தல் பின்னர் அகற்றப்பட்டால், வாக்களிக்கப்பட்ட நாளுக்கு அப்படமே சான்றாகும். இணையத்தள முகவரி co.uk என முடிவதனால் மாத்திரம் விற்பனையாளர் பிரித்தானியாவில் உள்ளார் எனக் கொள்ள முடியாது. தொடர்பு விபரங்களிலுள்ள முகவரியையும், பொருள் அனுப்பப்படும் இடத்தையும் பார்த்தே அதனை அறியலாம்.

இரத்து அறிவித்தலைத் தளத்தின் செய்திப் பெட்டியினூடாகவே அனுப்ப வேண்டும். கட்டளை இலக்கம், பணம் செலுத்திய நாள், கட்டளை இரத்துச் செய்யப்படுகின்றது என்ற தெளிவான கூற்று, பணத்தை மீளளிக்கும்படியான கோரிக்கை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதுமானது. "எப்போது வரும்?" என்று பத்துமுறை கேட்பது இரத்து அறிவித்தல் ஆகாது.

விற்பனையாளரும் தளமும் வங்கியும் கோரிக்கையை மறுத்தால், சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவித் தொலைபேசியை 0808 223 1133 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம். மோசடி எனச் சந்தேகிக்கப்படும் விற்பனையாளர்கள் பற்றிய தகவலும் அதனூடாகவே வர்த்தகத் தராதர அதிகாரிகளைச் சென்றடையும். அழைக்கும்போது மேற்கூறிய படங்களும் செய்திகளின் பிரதிகளும் கைவசம் இருத்தல் வேண்டும். முதலிற் கேட்கப்படும் கேள்விகள் எப்போது பணம் செலுத்தப்பட்டது, எந்த நாளுக்கு வழங்கல் வாக்களிக்கப்பட்டது, எவ்வழியாகப் பணம் செலுத்தப்பட்டது என்பனவாகவே இருக்கும்.